ஒரு மாசம் முன்னாடி கேட்டவனுக்கு இல்ல, ஒரு வாரம் முன்னாடி கேட்டவளுக்கு உண்டு

லீவு வேணும்னா முன்கூட்டியே கேக்கணும்னு எல்லாரும் சொல்லுதாங்க, எவ்வளவு முன்கூட்டின்னு கேட்டா மட்டும் ஆளுக்கொரு கணக்கு வச்சிருக்காங்க. பத்து நாளுங்கான் ஒருத்தன், ஒரு மாசமுங்கான் இன்னொருத்தன். நான் கங்கைகொண்டான் பக்கம் ஒரு ஃபேக்டரியில டைம் ஆபீஸ்ல இருக்கேன், லீவு லெட்டர் பூரா என் மேசைக்குத்தான் வரும், அதனால இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுக்காரி பாளையங்கோட்டையில ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல மேக்ஸ் டீச்சர். அவ தம்பி, அதான் என் மச்சினன், சென்னையில ஒரு கம்பெனியில அக்கவுன்ட்ஸ். போன ஆவணியில மூணு பேருக்கும் ஒரே காரியத்துக்கு, ஒரே நாளுக்கு லீவு தேவைப்பட்டுச்சு. ஒரு மாசம் முன்னாடியே கேட்ட மச்சினனுக்குக் கிடைக்கல, ஒரு வாரம் முன்னாடி கேட்ட அவன் அக்காவுக்குக் கிடைச்சிருச்சு. ஏன் இப்படின்னு அன்னைக்குக் கோயில் கொட்டாய்ல ஆரம்பிச்ச பேச்சு எனக்கு இன்னும் முடியல, அதான் எழுதிப் பாக்கேன்.

காரியம் மாமனார் ஊர்க் கொடை, அதான் கோயில் திருவிழா. நாங்குநேரிப் பக்கம், சுடலைமாடன் கோயில். நம்ம பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல, திங்கக்கிழம ராத்திரி குடியழைப்பு, செவ்வாய் மதியக்கொடை, அன்னைக்கு ராத்திரியே சாமக்கொடை, புதன்கிழம பொங்கல் படைப்பெல்லாம் முடிச்சுட்டுத்தான் வெளியூர்க்காரன் கிளம்புவான். ஆக வாரத்துக்கு நடுவுல மூணு நாள், ஆபீஸ்காரனுக்கு இதவிட மோசமான கிழமை கிடையாது. இதுல இன்னொரு சங்கடம், பங்குனி உத்தரம் மாதிரி தேதி காலண்டர்ல அச்சடிச்சு ஜனவரியிலயே வீட்டுக்கு வராது. ஊர்க்கூட்டம் போட்டு, வரி எவ்வளவுன்னு பேசி, வில்லுப்பாட்டுக்காரங்க என்னைக்குக் காலியா இருக்காங்கன்னு கேட்டுத்தான் தேதி முடிவாகும். அந்த வருஷம் முடிவானது கொடைக்குச் சரியா ஒரு மாசம் முன்னாடி. ஆகஸ்ட் 18, 19, 20.

ரயிலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன். 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 60 நாளாக் கொறஞ்சிருச்சு, அதுக்கு முன்னாடி 120. ஆகஸ்ட் 15 வெள்ளி, 16 கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு, தொடர்ச்சியா மூணு நாள் லீவு வந்ததால 14ஆம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸ்க்கு ஜூன் 15 காலைல எட்டு மணிக்கே அடிதடி. மச்சினன் கொடை தேதி தெரியாமலே குத்துமதிப்பா அன்னைக்கு டிக்கெட் போட்டு வச்சிருந்தான், அதுக்காக அவனப் பாராட்டணும். சென்னையில இருக்க நம்ம பயலுக பாதிப்பேருக்கு லீவு கேக்க நாளை எச்ஆர் முடிவு பண்ணல, ரயில்வேதான் முடிவு பண்ணுது. டிக்கெட் கிடைச்ச அன்னைக்குத்தான் மேனேஜர்கிட்டப் போறான்.

மச்சினனோட இருபதாம் தேதி

ஊர்க்கூட்டத்துல தேதி சொன்ன மறுநாளே மச்சினன் மேனேஜர்கிட்ட கேட்டுட்டான். சிஸ்டத்துலயும் போட்டுட்டான். மெயில் வேற. இதுக்கு மேல என்ன செய்யணும்? பதில் வந்துச்சு, திங்கள் செவ்வாய் எடுத்துக்கோ, வேலைய எங்க இருந்தாவது பாத்துக்கோ, புதன் மட்டும் கேக்காத, அன்னைக்கு இருபது.

அக்கவுன்ட்ஸ் ஆளுகளுக்கு இது புரியும், மத்தவங்களுக்காகச் சொல்லுதேன். மாசாமாசம் ஜிஎஸ்டியில 11ஆம் தேதிக்குள்ள விற்பனை விவரம் GSTR-1, 20ஆம் தேதிக்குள்ள வரி கட்டி GSTR-3B. நடுவுல 14ஆம் தேதி GSTR-2Bனு ஒண்ணு போர்ட்டல்லயே தானா உருவாகும். நமக்குச் சரக்கு வித்தவங்க அவங்க பக்கம் என்ன காட்டியிருக்காங்கங்கிற பட்டியல் அது. நம்ம கொள்முதல் புக்கையும் அந்தப் பட்டியலையும் ஒவ்வொரு பில்லா ஒத்துப் பாத்தாத்தான் வாங்கும்போது குடுத்த வரியில எவ்வளவ கிரெடிட்டாக் கழிச்சுக்கலாம்னு தெரியும், அது தெரிஞ்சாத்தான் 3B போட முடியும். ஆக 14க்கு முன்னாடி அந்த வேலையைத் தொடங்கவே முடியாது, 20க்கு மேல இழுத்தா லேட் ஃபீஸும் வட்டியும் விழும். சாதாரண மாசத்துல நடுவுல நாலஞ்சு வேலை நாள் இருக்கும். அந்த மாசம் பாருங்க, 14 வியாழன், 15, 16, 17 லீவு, மிச்சம் இருந்தது 18, 19, 20. எங்க மாடன் கேட்டதும் அதே மூணு நாளு.

இத எனக்குச் சொன்னது மச்சினன்தான், செவ்வாக்கிழம மதியக்கொடை முடிஞ்சு இலை எடுத்த பிறகு, கொட்டாய்க் கால்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு. மடியில லேப்டாப், பக்கத்துல ஃபோன்ல இருந்து நெட், நையாண்டி மேளம் காதப் பிளக்குது, இவன் பில் நம்பர் பாக்கான். பில் ஒத்துப் பாக்கதைக் கொட்டாய்ல இருந்து செஞ்சுரலாம், கடைசியில ஃபைல் பண்ணும்போது கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேணும், அது பென்டிரைவ் மாதிரி ஒரு சாமான், ஆபீஸ் டிராயர்ல பூட்டி இருக்கு. சாயங்காலமே வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில கொண்டு விட்டேன். சாமக்கொடை பாக்கல.

போகையில பின்னாடி உக்காந்துக்கிட்டே சொன்னான், “அத்தான், அக்கா ஒரு வாரத்துக்கு முன்னாடி வாயால கேட்டா, குடுத்துட்டாங்க. நான் முப்பது நாளுக்கு முன்னாடி எழுதிக் கேட்டேன். இனிமே யாராவது முன்கூட்டியே கேளுன்னு சொல்லட்டும், பேசிக்கிடுதேன்.”

நியாயம்தான. எனக்கும் அப்ப பதில் தெரியல.

ஸ்கூல் கணக்கு வேற மாதிரி

வீட்டுக்காரி ஸ்கூல்ல நடந்தத அவ வாயால கேட்டப்பதான் முடிச்சு அவிழ்ந்துச்சு. அவ முதல்ல கேட்டதும் மூணு நாளுதான். திங்கக்கிழம கிடையாதுன்னுட்டாங்க ஹெச்எம். மூணு நாள் தொடர் லீவு முடிஞ்சு வர்ற திங்கக்கிழமைக்கு ஏற்கெனவே மூணு பேர் எழுதிக் குடுத்தாச்சாம். செவ்வாய், புதன் சரின்னாங்க. குடியழைப்பு எப்படியும் ராத்திரிதான, திங்கக்கிழம ஸ்கூல் விட்டு அப்படியே பஸ் ஏறிட்டா.

மூணு பேர் போனா நாலாவது ஆளுக்கு ஏன் கிடையாதுங்கறதுதான் விஷயம். அவ ஸ்கூல் சைசுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். 16 செக்ஷன், 20 டீச்சர், நாளைக்கு 8 பீரியட். எந்தப் பீரியட எடுத்தாலும் 16 கிளாசுக்கு 16 பேர் உள்ள நிக்கணும், மிச்சம் நாலு பேருக்குத்தான் ஃப்ரீ. அந்த ஃப்ரீலதான் நோட்டுத் திருத்தணும், டெஸ்ட் பேப்பர் திருத்தணும், ஒரு வாய் காப்பி குடிக்கணும். ஒரு டீச்சர் லீவு போட்டா அவளுக்கு அன்னைக்கு இருக்க ஆறேழு பீரியட்டையும் இந்த ஃப்ரீ ஆளுகளுக்குத்தான் பிரிச்சுப் போடுவாங்க. காலைல ப்ரேயருக்கு முன்னாடி உதவித் தலைமையாசிரியர் ஒரு நோட்டோட நிப்பாங்க, அதுக்கு எல்லா ஸ்கூல்லயும் ஒரே பேரு, அரேஞ்ச்மென்ட் நோட்டு. மூணாவது பீரியட் எட்டாம் வகுப்பு பி, இன்னாருன்னு எழுதி, கையெழுத்து வாங்கிருவாங்க. மூணு பேர் லீவுன்னா ஒவ்வொரு பீரியட்லயும் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். நாலு பேர் லீவுன்னா அன்னைக்கு முழுசும் ஒருத்தருக்கும் ஃப்ரீ கிடையாது. அதுல ஒரு டீச்சர் பிள்ளைக்குக் காய்ச்சல்னு காலைல ஏழரை மணிக்கு ஃபோன் பண்ணிட்டா ஒரு கிளாஸ் அனாதை, பிஇடி சார் ரெண்டு கிளாஸச் சேத்து கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அதனால ஹெச்எம் மூணோட நிறுத்திருவாங்க, நாலாவது இடம் காய்ச்சலுக்குன்னு ஒதுக்கி வச்சது.

இப்ப இதுல ‘ஒரு மாசம் முன்னாடி’ங்கறதுக்கு என்ன வேலை? அரேஞ்ச்மென்ட் நோட்டு அன்னைக்குக் காலைலதான் எழுதுவாங்க, ஒரு மாசம் முன்னாடி சொன்னாலும் அன்னைக்குக் காலைலதான். ரொம்ப முன்னாடி போய்ச் சொன்னா “அப்ப பாத்துக்கலாம் டீச்சர்”னு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், அது மறந்தே போயிரும். வீட்டுக்காரி ஒரு வாரம்னு வச்சிருக்கதுக்குக் காரணம் வேற. டைம்டேபிள் திங்கள்ல ஆரம்பிச்சு வெள்ளியில முடியுது, அடுத்த திங்கக்கிழம அதே வரிசை திரும்ப வருது. அவ லீவு போடுத செவ்வாக்கிழம பத்தாங்கிளாஸ் மேக்ஸ் ரெண்டு பீரியட் போகும், அதுல சும்மா ஒரு டீச்சர் போய் உக்காந்து “சத்தம் போடாதீங்க”ன்னு சொல்லிட்டு வந்தா பாடம் நகராது. அதனால சயின்ஸ் மிஸ்கிட்ட போன வாரமே பேசி மாத்திக்கிடுதா. இந்த வாரம் உன் பீரியட் எனக்குக் குடு, நான் கணக்க முடிச்சுக்கிடுதேன், அடுத்த செவ்வாய் என் பீரியட்ல நீ போய் சயின்ஸ் எடுத்துக்கோ. இப்படிக் கைமாத்து வாங்கணும்னா லீவுக்கு முன்னாடி அந்த டைம்டேபிள் ஒரு முழுச் சுத்து மிச்சம் இருக்கணும். வெள்ளிக்கிழம போய் திங்கக்கிழமைக்கு லீவு கேட்டா கடன் வாங்க பீரியடே இருக்காது. ஹெச்எம்மும் அதத்தான் கேக்காங்க, “யார்கிட்ட மாத்தியிருக்கீங்க?” பேரு சொன்னா கையெழுத்து.

பாதிக் கிளாஸ் நேரமாவது பாடமா ஓடுதா, இல்ல எல்லாம் சும்மா உக்காந்துட்டு வந்ததான்னு கண்டுபிடிக்க ரொம்பச் சுலபம், அரேஞ்ச்மென்ட் நோட்டுல எழுதுன பேரும் அந்தக் கிளாஸ்ல ஏற்கெனவே பாடம் எடுக்க டீச்சர் பேரும் ஒண்ணா இருந்தா பாடம் நடக்கும். வேற ஆளா இருந்தா அது காவல்தான்.

அப்ப மச்சினன் என்ன செஞ்சிருக்கணும்

இதக் கேட்ட பிறகுதான் அவன் விஷயத்துல முப்பது நாள் ஏன் உதவலன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. ஸ்கூல்ல வேலை வாரத்துக்கு ஒரு தடவை சுத்தி வருது, அவன் சீட்ல மாசத்துக்கு ஒரு தடவை. இன்னொரு ஆளுக்கு அந்த வேலையப் பழக்கணும்னா 14ல இருந்து 20 வரைக்கும் பக்கத்துல உக்கார வச்சு ஒரு தடவையாவது முழுசாச் செய்யணும், அந்த வாய்ப்பு மாசத்துல ஒண்ணுதான். அவன் லீவு கேட்டது ஜூலை 20 வாக்குல. அதாவது ஜூலை ஃபைலிங் முடிஞ்ச கையோட. பாக்கப் போனா முப்பது நாள் பெருசாத் தெரியுது, உள்ளுக்குள்ள பழகிக்க ஒரு சுத்து கூட மிச்சமில்ல. ஜூலை பத்துல கேட்டிருந்தா ஜூலை ஃபைலிங்லயே ஜூனியர் பையனப் பக்கத்துல உக்கார வச்சிருக்கலாம், ஆகஸ்ட்ல அவன் போட்டிருப்பான். பத்து நாள் வித்தியாசத்துல தப்பிருச்சு, அதுக்கு அவனக் குத்தம் சொல்ல முடியாது, ஊர்க்கூட்டமே அப்பதான் நடந்துச்சு. அதே ஆளு அதே மாசம் 22ல இருந்து 26 வரைக்கும் கேட்டிருந்தா ரெண்டு நாள் முன்னாடி சொன்னாலும் மேனேஜர் நிமிந்து கூடப் பாத்திருக்க மாட்டாருன்னு அவனே சொன்னான்.

எங்க ஃபேக்டரியில இது இன்னும் பச்சையாத் தெரியும். எல்லாரும் சொல்லுத பதினஞ்சு நாள் கணக்கு 1948 தொழிற்சாலைச் சட்டத்துல இருந்து வந்தது. 79ஆம் பிரிவுல, சம்பளத்தோட லீவு வேணும்னா பதினஞ்சு நாளுக்குக் குறையாம முன்னாடி மேனேஜர்கிட்ட எழுதிக் குடுக்கணும், வருஷத்துல மூணு தடவைக்கு மேல பிரிச்சு எடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. அது நீள லீவுக்கு வச்ச கணக்கு, நோய்க்கு அது பொருந்தாது. இப்ப சட்டமே புதுத் தொகுப்பா மாறியாச்சு, ஆளுக வாயில மட்டும் பதினஞ்சு அப்படியே நிக்கி. ஆனா என் மேசையில எந்த லெட்டர் தப்பிக்கும், எது மாட்டும்னு முடிவு பண்ணுதது அந்தப் பதினஞ்சு இல்ல. 25ஆம் தேதி அடுத்த மாச ஷிப்ட் லிஸ்ட் போர்டுல ஒட்டிருவோம். 23ஆம் தேதி வந்து மூணாம் தேதிக்கு லீவு கேக்கவனுக்குப் பத்து நாள்தான் இடைவெளி, அவன் பேர எடுத்துட்டு வேற பேரு எழுத எனக்கு ஒரு ரப்பர் போதும். 26ஆம் தேதி வந்து அடுத்த மாசம் இருபதுக்குக் கேக்கவனுக்கு இருபத்திநாலு நாள் இடைவெளி, ஆனாலும் அவன் எடத்துக்கு ஒருத்தன் லீவு நாள விட்டுட்டு வரணும், இல்ல ஷிப்ட் முடிஞ்சவன நிக்கச் சொல்லணும், ஓவர்டைம்னா ரெட்டைச் சம்பளம், அதுக்கு மேனேஜர் கையெழுத்து, அவரு மூஞ்சிய வேற பாக்கணும். முன்னாடி கேட்டவன் நான்தானன்னு அவன் என்கிட்ட சண்டைக்கு வருவான்.

நீள லீவும் மார்ச் மாசமும்

சின்ன மாமனாரு அரசுப் பள்ளியில தலைமையாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவரு. கொட்டாய்ல இந்தப் பேச்செல்லாம் கேட்டுட்டு அவரு சொன்னாரு, “மருமகனே, நீங்க ரெண்டு நாள் கணக்குப் பேசுதீங்க. எங்கிட்ட பத்து நாள் கேட்டு வருவாங்க, அங்கதான் தலைவலி.” அரசு வேலையில தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12, டிசம்பர் 31ஓட மிச்சம் போயிரும், நடுவுல வர்ற லீவு நாளெல்லாம் சேத்தாலும் ஒரே தடவைல பத்து நாளைத் தாண்டக் கூடாது. அதுக்கு மேல எது கேட்டாலும் விடுப்ப உரிமையாக் கோர முடியாதுன்னு அடிப்படை விதி 67 நிக்கும், அவரு அத மனப்பாடமாச் சொல்லுவாரு. அவரு ஒரு கொள்கை வச்சிருந்தாரு, பத்து நாள் லீவு கேக்கவங்க ஜூன்லயே வந்து கேக்கணும், ஜூன் போயிருச்சுன்னா காலாண்டுத் தேர்வு டைம்டேபிள் வர்றதுக்கு முன்னாடியாவது. ஏன்னா ரெண்டு நாள் லீவ வாரத்துச் சுத்துக்குள்ள கைமாத்து வாங்கி அடைச்சிரலாம், பத்து நாள அடைக்க முடியாது, அத அந்தப் பருவத்துப் பாடத்தையே முன்னப்பின்ன மாத்தித்தான் அடைக்கணும். தேர்வு தேதியும் எதுவரைக்கும் பாடம்னும் முடிவான பிறகு எதையும் நகத்த முடியாது.

பிள்ளைகளுக்கு லீவு கேக்கதுல இவ்வளவு சிக்கல் இல்ல. என் பையனுக்கு அந்த ரெண்டு நாளைக்கு டைரியில எழுதிக் குடுத்தது முந்தின வியாழக்கிழமதான். கிளாஸ் டீச்சருக்குத் தெரிய வேண்டியது அன்னைக்கு டெஸ்ட் இருக்கா இல்லையாங்கறதுதான், டெஸ்ட் தேதி நமக்கு அந்த வாரத்துலதான் தெரியுது, ஒரு மாசம் முன்னாடி எழுதி என்ன செய்ய. சிபிஎஸ்இ பிள்ளைகன்னா பத்து, பன்னெண்டுல 75 சதவீத வருகை வேணும்ங்கறதையும் சேத்துப் பாத்துக்கிடணும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு நாளுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் எடுபடாது. பங்குனி உத்தரம். தேதி ஜனவரியிலயே தெரியும், ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிக் குடுக்கலாம், ஆனா திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரங்க முக்காவாசிப்பேருக்கு அன்னைக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகணும், இருபது டீச்சர்ல பதினஞ்சு பேரு கேப்பாங்க. பத்தாங்கிளாஸ் பரீட்சை நடக்க சமயம் வேற, மேற்பார்வையாளர் டியூட்டி போட்டுட்டா அத மாத்தவும் முடியாது. முதல்ல கேட்டவருக்குன்னு வச்சா பொங்கல் முடிஞ்ச மறுநாளே வரிசையில நிப்பாங்க, போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் வாங்குன அதே ஆளுக. வீட்டுக்காரி ஸ்கூல்ல இந்த வருஷம் ஸ்டாஃப் மீட்டிங்ல பேசி அரேஞ்ச்மென்ட் நோட்டோட கடைசிப் பக்கத்துலயே பேரு எழுதி வச்சுட்டாங்க, இந்த வருஷம் மூணு பேரு, அடுத்த வருஷம் அடுத்த மூணு பேரு. அவ பேரு நாலாவது வருஷத்துல இருக்கு. சாஸ்தாவுக்கு அதுவரைக்கும் சாயங்காலம் ஸ்கூல் விட்ட பிறகுதான் கும்பிடு. மச்சினன் இப்ப மாசாமாசம் 14ஆம் தேதி ஆனா ஜூனியரப் பக்கத்துல உக்கார வச்சுக்கிடுதானாம், கொடை எந்த மாசம் வந்தாலும் சரின்னு. டோக்கன் டிராயர் சாவிய மட்டும் மேனேஜர் இன்னும் குடுக்கலயாம்.